அடிப்பிடித்த சோற்றைக் கிண்டாதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று டம்ளர் புழுங்கலரிசியைப் பானையில் வைத்து, தண்ணீர் சுண்டட்டும் என்று தீயைக் குறைத்திருந்தேன். சிலிண்டர் வந்ததென்று வாசலுக்குப் போய்த் திரும்புவதற்குள் கூடம் வரை தீய்ந்த வாடை. ஓடிவந்து கரண்டியை எடுத்தேன். "கிண்டாதம்மா! அணைச்சிட்டு முதல்ல பானையைக் கீழ இறக்கு" என்று மாமியார் கத்தினார். அன்று முக்கால் பானை சோறு பிழைத்தது அந்தக் குரலால்தான்.

தண்ணீர் வற்றியதும் அடியில் ஒட்டிய சோறுதான் முதலில் கருகும். அதற்கு மேலே இருக்கும் சோறு அப்போதைக்கு நல்ல சோறுதான். ஒரே ஒரு முறை அடி வரை கரண்டியை விட்டுப் புரட்டினால் கருகல் துணுக்கு எல்லாப் பருக்கையிலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு எதைப் பொறுக்கி எடுப்பது? தண்ணீர் தெளித்து மூடி வைப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அடியில் சூடான கருகலில் பட்ட தண்ணீர் ஆவியாகி, அந்த வாடையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும்.

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே விடுவது அடுத்த தவறு. கனமான அடி உள்ள பாத்திரம் சூட்டை வைத்துக்கொண்டிருக்கும்; கருகல் இன்னும் கொஞ்ச நேரம் தொடரும். அகலமான பேசினில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தின் அடி அதில் நனையும்படி வையுங்கள். மண்சட்டி என்றால் வேண்டாம், விரிசல் விடும். வேறு இடத்துக்கு இறக்கி மூடியைத் திறந்து வைத்தால் போதும்.

இனி சோற்றை எடுக்க வேண்டும். பானையைச் சாய்த்துக் கொட்டக் கூடாது, ஓரத்துப் பொருக்கு பெயர்ந்து கூடவே விழும். தட்டையான அன்னக்கரண்டியைப் படுக்கை வாட்டில் பிடித்து மேலிருந்து அடுக்கடுக்காக எடுத்து, தாம்பாளத்தில் பரப்புங்கள். அடியில் இரண்டு விரல் கனம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரு கரண்டி நல்லாத்தானே இருக்கு" என்ற ஆசைதான் பலருக்கு மொத்தத்தையும் கெடுக்கிறது. பரப்பிய சோற்றை உடனே ஹாட்பாக்ஸில் அடைக்காமல் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். லேசாக ஏறியிருக்கும் வாடை ஆவியோடு போய்விடும்.

போனதா என்று அடுப்படியில் நின்று மோந்து பார்த்தால் தெரியாது. அங்கே நம் மூக்கே அந்த வாடைக்குப் பழகிப்போயிருக்கும். நான் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, ஆறவிட்டு, மொட்டைமாடிக்குப் போய் மோந்து பார்த்து வாயிலும் போட்டேன். வாடை மட்டும் லேசாக இருந்தால் எலுமிச்சை சாதமோ புளியோதரையோ ஆக்கலாம், பெருங்காயமும் தாளிப்பும் அமுக்கிவிடும். தயிர் சாதத்துக்கு மட்டும் எடுக்காதீர்கள். என் அனுபவத்தில் அதில்தான் வாடை அதிகம் தெரிகிறது. நாக்கில் கசப்புத் தட்டினால் எந்தத் தாளிப்பும் உதவாது. வெங்காயத்தைப் பாதியாக நறுக்கிச் சோற்றின் மேல் வைக்கச் சொல்வார்கள். நான் வைத்துப் பார்த்ததில் தீய்ந்த வாடையோடு வெங்காய வாடையும் சேர்ந்ததுதான் மிச்சம்.

பருப்புக்கு இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அது குழம்பு மாதிரி அசையும். குக்கரில் நேரடியாக வேகவைத்த பருப்பில் தீய்ந்த வாடை வந்தால், பலரும் உடனே வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுகிறார்கள். திடீரென அழுத்தம் இறங்கும்போது உள்ளே இருப்பது குபுகுபுவென்று கொதித்தெழும். கரண்டியே போடாமல் அடிக் கருகலைக் கலக்கிவிடுவது போலத்தான் அது. மூடியின் மேல் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாலும் கதை அதேதான். குக்கரையும் அடி மட்டும் நனைய தண்ணீரில் வைத்து, அழுத்தம் தானாக இறங்கும்வரை பொறுங்கள். திறந்ததும் மத்தைத் தொடாமல், சிறு கரண்டியால் மேலாக மொண்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். இங்கே அடியில் மூன்று விரல் விட்டுவிடுவது நல்லது. கறுப்புத் துணுக்குகள் ஏற்கெனவே மிதந்தால் வடிகட்டிப் பயனில்லை, சாறு இறங்கியிருக்கும். வாடை லேசாக இருந்தால் மேலே தெளிந்த பருப்புத் தண்ணீரை மட்டும் எடுத்து, மிளகும் பூண்டும் தூக்கலாகப் போட்டு ரசம் வைத்துவிடுவேன்.

கடைசியாக நான் செய்த தவறு ஒன்று. சோற்றைக் காப்பாற்றித் தாம்பாளத்தில் பரப்பிவிட்டு, அதே மேடையில் சூடாக இருந்த பானையில் ஊறட்டும் என்று தண்ணீரை ஊற்றினேன். சொய்யென்று கிளம்பிய கருகல் ஆவி நேராகச் சோற்றின் மேல்தான் போனது. இப்போதெல்லாம் பானையைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுகிறேன்.