லெ லிவ்ர் புத்தகம், லா லிவ்ர் எடை: பிரெஞ்சு படிப்பவர்கள் வழுக்கி விழும் இடம்

தமிழில் 'படி' என்றால் மாடிப்படியா, அரிசி அளக்கும் படியா என்று முன்பின் சொற்களைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். பிரெஞ்சில் இப்படிப்பட்ட சில சோடிகளைப் பிரித்துக் காட்டுவது சொல்லுக்கு முன்னால் நிற்கும் சின்னச் சொல்தான். ஆண்பாலுக்கு லெ அல்லது அன், பெண்பாலுக்கு லா அல்லது யூன். தமிழில் புத்தகமும் கோபுரமும் அஃறிணை, அதோடு கதை முடிந்தது. அதனால் அந்தச் சின்னச் சொல்லை ஒரு அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். முதல் தவறு இதுதான்.

லெ லிவ்ர் என்றால் புத்தகம். லா லிவ்ர் என்றால் எடை அளவு. பிரிட்டனின் பவுண்டு நாணயத்துக்கும் அதே பெயர். இவற்றை ஒரே சொல்லின் ஆண், பெண் வடிவங்களாக நினைக்க வேண்டாம். புத்தகம் லத்தீனின் லீபெர் என்ற சொல்லிலிருந்தும், எடை லீப்ரா என்ற சொல்லிலிருந்தும் வந்தவை. காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்தில் வந்து நின்றுவிட்டன. அகராதியிலும் இரண்டு தனித்தனிப் பதிவுகளாகவே இருக்கும். முதல் பதிவை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறவர்கள்தான் சமையல் குறிப்பில் 'ஒரு புத்தகம் வெண்ணெய்' என்று மொழிபெயர்க்கிறார்கள்.

பிரான்சில் இன்று கடையில் 'யூன் லிவ்ர்' என்று கேட்டால் 500 கிராம். ஆங்கிலேயர்களின் பவுண்டு சுமார் 454 கிராம். பிரெஞ்சுக் குறிப்பில் அந்தக் கணக்கைப் போட்டால் வெண்ணெய் குறையும். கனடாவின் பிரெஞ்சுக் குறிப்பு என்றால் 454 தான் சரி. 250 கிராமுக்கு 'யூன் தெமி லிவ்ர்' என்பார்கள். இங்கே எழுத்தில் ஒரு பொறி உண்டு: அரை என்னும் தெமி முன்னால் வந்தால் மாறாது, நடுவில் சிறுகோடு போடுவார்கள். பின்னால் வந்தால், அதாவது 'ஒன்றரை லிவ்ர்' என்னும்போது, பெண்பாலுக்கான கடைசி ஈ எழுத்து அதோடு சேரும். காதுக்கு வித்தியாசம் தெரியாததால் எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வோம்.

பன்மையில் இந்த உதவியும் போய்விடும். லெ, லா இரண்டும் லே ஆகிவிடும். 'த்ருவா லிவ்ர்' என்றால் மூன்று புத்தகங்களா, ஒன்றரைக் கிலோவா? அங்கே நம் 'படி' கணக்குதான்: பின்னால் தக்காளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதனால் உச்சரிப்பிலும் ஒரு எச்சரிக்கை. லெ என்பதைப் பலர் லே என்று நீட்டிவிடுகிறார்கள். கேட்பவருக்கு அது பன்மையாக விழும்.

தூர் என்ற சொல்லில் குழப்பம் வேறு மாதிரி. லெ தூர் என்றால் சுற்று, முறை. கடைசல் எந்திரத்துக்கும் இதே பெயர்தான். லா தூர் என்றால் கோபுரம், அடுக்குமாடிக் கட்டடம், சதுரங்கத்தில் மூலையில் நிற்கும் காய். 1903-இல் தொடங்கிய சைக்கிள் பந்தயம் லெ தூர். 1889-இல் திறந்த ஈஃபிள் கோபுரம் லா தூர். சதுரங்கம் ஆடும்போது 'சே தோன் தூர்' என்றால் உன் முறை. 'சே தா தூர்' என்றால் அது உன் காய். அதாவது 'உன்' என்ற சொல்லும் பால் காட்டும். லெ, லாவை மட்டும் கவனித்துவிட்டு தோன், தா வரும்போது தூங்கிவிடுவது அடுத்த தவறு.

இன்னொரு இடம் முன்னிடைச்சொல் ஒட்டும்போது. 'இல் எ அ லா போஸ்த்': அவர் தபால் நிலையத்தில் இருக்கிறார். 'இல் எ ஓ போஸ்த்': அவர் பணியிடத்தில் இருக்கிறார், அல்லது காவல் நிலையத்தில் இருக்கிறார். இங்கே லெ கண்ணுக்கே தெரியாது, அ என்ற முன்னிடைச்சொல்லோடு சேர்ந்து அது ஓ-வுக்குள் கரைந்துவிட்டது. காணாமல் போனவரைத் தேடும்போது இந்த வித்தியாசம் சின்னதல்ல.

முதுகலை மாணவர்கள் கவனிக்க வேண்டியது மெமுவார். ஆய்வேடு ஆண்பால், நினைவாற்றல் பெண்பால். 'மோன் மெமுவாரைத் தொலைத்துவிட்டேன்' என்றால் வழிகாட்டி ஆய்வேட்டைத் தேடச் சொல்வார். 'என்' என்பதற்கு மோனை விட்டுப் பெண்பாலான 'மா' என்று சொல்லிவிட்டால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லக்கூடும்.

இவற்றைச் சோடியாக, அட்டவணையாக மனப்பாடம் செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தேர்வில் எது எந்தப் பக்கம் என்பதே மாறிப்போகும். ஒவ்வொன்றையும் தனி நாளில், தனித் தொடரோடு வையுங்கள். 'அன் லிவ்ர் தெ போஷ்' என்றால் சட்டைப்பை அளவுப் புத்தகம், 'யூன் லிவ்ர் தெ பெர்' என்றால் அரைக் கிலோ வெண்ணெய். அன், யூன் என்று பழகுவது லெ, லாவைவிட நல்லது. உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் லெ, லா இரண்டுமே வெறும் லகரமாகச் சுருங்கிவிடும். அங்கேயும் எழுத்தில் பாலைக் காட்டுவது அன், யூன்தான்.

லெ ஜுர்னலிஸ்த், லா ஜுர்னலிஸ்த் போன்றவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அங்கே பொருள் மாறவில்லை. செய்தியாளர் ஆணா பெண்ணா என்பது மட்டும்தான் மாறுகிறது.