வொரொனாய் லேம்ப் ஷேடு: கம்பி ஒடியிறதுக்கு காரணம் பிரிண்டர் இல்ல, நீங்க தடிமன் குடுத்த நேரம்

திருநகர்ல எங்க சித்தி வீட்டு ஹாலுக்கு ஒரு லேம்ப் ஷேடு பிரிண்ட் பண்ணிக் குடுத்தேன், தேன்கூடு மாதிரி ஆனா ஒழுங்கில்லாம ஓட்டை ஓட்டையா இருக்குமே அந்த வொரொனாய் டிசைன். கையில வாங்கிப் பார்த்த சித்தி மேல் பக்கத்தை லேசா புடிச்சாங்க, படக்குன்னு ரெண்டு கம்பி போயிருச்சு. "என்னப்பா இது, அப்பளம் மாதிரி ஒடியுது"ன்னாங்க. கீழ்ப்பக்கம் மட்டும் இரும்பு மாதிரி நிக்குது. ஒரே ஃபைல், ஒரே பிரிண்டர், ஒரே பி.எல்.ஏ ரோல்.

ஃபிலமெண்ட்ல ஈரம் ஏறிருச்சோன்னு ரெண்டு நாள் காய வச்சுப் பார்த்தேன், அது வேஸ்ட். தப்பு மாடல்லயே இருந்துச்சு.

ஷேடோட அளவு இதுதான்: உயரம் 180 மி.மீ, அடி விட்டம் 160, மேல் விட்டம் 60. இதை விரிச்சா ஒரு செவ்வகம்னு வச்சுக்கலாம், அகலம் அடிச் சுற்றளவு, அதாவது 503 மி.மீ. நிறைய பேர் பண்றது என்னன்னா (நானும்தான்) அந்த செவ்வகத்துல புள்ளிகளைத் தூவி, Rhino-வோட Grasshopper-ல `Voronoi` போட்டு, ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் ஒரு செல்லா பிரிச்சு, அங்கயே ஒவ்வொரு செல்லையும் 1.5 மி.மீ உள்ள தள்ளி ஆஃப்செட் பண்ணி, ஆக செல்லுக்கு செல் நடுவுல 3 மி.மீ கம்பின்னு முடிவு பண்ணிட்டு, அதுக்கப்புறம் `Map to Surface`-ல சர்ஃபேஸ் மேல ஏத்துறது. ஸ்கிரீன்ல சூப்பரா இருக்கும். ஆனா 503 மி.மீ அகலம் உச்சியில 188 மி.மீ-க்குள்ள போய் உக்காரணும்ல, கம்பியும் சேர்ந்து அமுங்குது. 3 மி.மீ நெட்டுக் கம்பி உச்சியில 1.1 மி.மீ ஆயிடுது, படுக்கையா போற கம்பி மட்டும் 3 மி.மீ-லயே கிடக்கும். 0.4 நாசில்ல ஒரு கோடு சுமார் 0.45 மி.மீ வரும், 1.1-ன்னா ரெண்டு கோடும் நடுவுல ஒரு சின்ன சந்தும். சித்தி கையில ஒடிஞ்சது அந்த இடம்தான்.

அதனால செவ்வகத்துல தடிமனே வேணாம். செல்லோட கோடுகளை மட்டும் எடுத்து, முனைப் புள்ளிகளை சர்ஃபேஸ் மேல ஏத்தி, நேர்க்கோடா இணைச்சு, எல்லாம் முப்பரிமாணத்துக்கு வந்த பின்னாடி கடைசியா `MultiPipe` குடுங்க. கூம்பு மாதிரி சிம்பிளான வடிவம்னா `Map to Surface` கூட தேவையில்ல, அஞ்சு வரி பைத்தான் போதும்:

```
import math
import Rhino.Geometry as rg
t = 2*math.pi*p.X/503.0
r = 80 - 50*p.Y/180.0
a = rg.Point3d(r*math.cos(t), r*math.sin(t), p.Y)
```

இதுல இன்னொரு லாபம், மூட்டு. செவ்வகத்தோட இடது ஓரமும் வலது ஓரமும் ஷேடுல ஒண்ணா சேரும், ஆனா அங்க செல்லுக எல்லாம் வெட்டுப்பட்டு, மேல இருந்து கீழ வரைக்கும் புடவை ஓரம் தச்ச மாதிரி ஒரு நேர்க்கோடு தெரியும். புள்ளிகளை அப்படியே 503 மி.மீ இடது பக்கம் ஒரு காப்பி, வலது பக்கம் ஒரு காப்பி போட்டு மொத்தத்துக்கும் வொரொனாய் எடுத்து, நடுப் புள்ளிகளோட செல்லை மட்டும் வச்சுக்கோங்க. ஓரத்துக்கு வெளிய நீட்டுற செல்லும் மேல உள்ள பைத்தான் வரிகள்ல தானா சுத்தி வந்து சரியா பொருந்திடும். ஒவ்வொரு கோடும் பக்கத்துப் பக்கத்து செல் ரெண்டுக்கும் பொது, அதனால ரெண்டு தடவ இருக்கும், அந்த டூப்ளிகேட்டை எடுக்காம பைப் போட்டா ஒண்ணுக்குள்ள ஒண்ணு பைப்பு வந்து மெஷ் கெட்டுப்போகும்.

சரி, தடிமன் எவ்வளவு? நான் கணக்கு போடுறது கோடு எண்ணிக்கையில. ஸ்லைசர்ல சுவர் மூணுன்னு வச்சா ஒரு கம்பிக்கு அங்கிட்டு மூணு இங்கிட்டு மூணு, ஆறு கோடு, 6 × 0.45 = 2.7 மி.மீ. கம்பியோட விட்டம் 2.7-ல இருந்து 3-க்குள்ள இருந்தா உள்ள இன்ஃபில்லுக்கு இடமே இல்லாம முழுசா கோடாவே நிறையும். 2 மி.மீ-லயும் பண்ணலாம்தான், ஆனா நெட்டுக் கம்பி லேயர் மேல லேயரா நிக்கிறது, பக்கவாட்டுல தட்டுனா லேயர் ஒட்டுன இடத்துல பிரியும், அதனால வீட்டுல புழங்குற பொருளுக்கு நான் போறதில்ல. பைப் காம்பொனன்ட்ல கேக்குறது ரேடியஸ், விட்டம் இல்ல, இதுல ஏமாறாதவங்க கம்மி. `MultiPipe`-ல கம்பிக சேர்ற முட்டியில ஒரு தடிமன், கம்பியோட நடுவுல வேற தடிமன் வரும், அதனால bake பண்ணி நடுக்கம்பியை அளந்து பாருங்க. உச்சியில உள்ள கம்பி ஒண்ணு, அடியில உள்ளது ஒண்ணு. நான் இப்ப அந்த ரெண்டையும் அளக்காம எஸ்.டி.எல் எடுக்கிறதே இல்ல.

அளந்தது எல்லாம் ஒரு நொடியில வீணாகுற இடம் ஸ்லைசர். பெட்டுல இடம் பத்தலன்னு 60 சதவீதம் ஸ்கேல் பண்ணுவோம், 3 மி.மீ கம்பி 1.8 ஆயிடும். சைஸ் மாறணும்னா Grasshopper-லயே உயரம், விட்டத்தை மாத்துங்க, கம்பி ரேடியஸ் தொடாம நிக்கும்.

அடுத்து குட்டிக் கோடு. தூவுன புள்ளிக தாறுமாறா இருந்தா சில செல்லுக்கு நடுவுல ஒரு மி.மீ நீளத்துல கூட கோடு வரும். கம்பி தடிமன் 3, கோடு நீளம் 1, அப்ப அங்க கம்பிக்கு பதிலா ஒரு உருண்டைதான் இருக்கும், `MultiPipe` அந்த இடத்துல முறுக்கிக்கும், இல்ல மொத்தமா மக்கர் பண்ணும். ஒவ்வொரு புள்ளியையும் அதோட செல்லின் மையத்துக்கு நகர்த்தி திரும்ப வொரொனாய் எடுங்க, மூணு நாலு தடவ பண்ணா போதும், ரொம்ப பண்ணுனா தேன்கூடாவே ஆயி அழகு போயிடும். அப்புறமும் 3 மி.மீ-க்கு கீழ மிஞ்சுறதை ஒரே புள்ளியா சேர்த்துடுங்க. இந்த செக்கை சர்ஃபேஸ் மேல ஏத்துன பின்னாடி பண்ணணும், ஏன்னா செவ்வகத்துல 7 மி.மீ இருந்த படுக்கைக் கோடு உச்சியில 2.6-தான்.

சப்போர்ட் போடுறது இதுல பெரிய பாவம். போட்டா ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் நோண்டி எடுக்கணும், எடுக்கும்போதே பாதி ஒடியும். தேவையும் இல்ல, காரணம் வொரொனாய்லயே இருக்கு: செல் எல்லாம் குவிவானது, அதனால எந்த முட்டியிலயும் ரெண்டு கம்பிக்கு நடுவுல 180 டிகிரிக்கு மேல இருக்காது, அப்படின்னா எல்லாக் கம்பியும் மேல் நோக்கியே போற முட்டின்னு ஒண்ணு வராது, கீழ இருந்து தாங்க ஒரு கம்பியாவது இருக்கும். அந்தரத்துல எதுவும் தொடங்காது. மிஞ்சிப்போனா படுக்கையா ஒரு சின்ன பாலம், பத்துப் பதினஞ்சு மி.மீ-ன்னா ஃபேன் அடிச்சாலே நிக்கும். படுக்கைக் கம்பி நிறைய தெரிஞ்சா புள்ளிகளைக் குட்டையான செவ்வகத்துல தூவி வொரொனாய் எடுத்துட்டு உயரத்துல 1.6 மடங்கு இழுங்க, 30 டிகிரியில சாஞ்ச கம்பி 43 டிகிரிக்கு நிமிரும். ஆனா "கொஞ்சம் ஸ்டைலா இருக்கட்டும்"னு நடுநடுவுல கம்பியை அழிச்சீங்கன்னா இந்த உத்தரவாதம் போச்சு, நூடுல்ஸ்தான் கிடைக்கும்.

அடியில கம்பி முனைகளை அப்படியே விட்டா பெட்டுல ஒட்டுறது புள்ளி புள்ளியா இருபது இடம், பாதி பிரிண்ட்ல பேந்து வந்துரும். கீழயும் மேலயும் 4 மி.மீ உயரத்துக்கு ஒரு வளையம் வச்சு, கம்பி அதுக்குள்ள கொஞ்சம் புதையுற மாதிரி விடுங்க. மேல் வளையத்தோட ஓட்டைக்கு உங்க ஹோல்டர் கழுத்தை காலிபர் வச்சு அளந்து அரை மி.மீ கூட்டிக்கோங்க. பி.எல்.ஏ 60 டிகிரி பக்கத்துலயே தளர ஆரம்பிச்சுரும், அதனால உள்ள எல்.இ.டி மட்டும், பழைய குண்டு பல்பு ஆகாது. சித்தி வீட்டுல 7 வாட் போட்டிருக்கோம், ரெண்டாவது ஷேடு. முதல் ஷேடு உடைஞ்ச மேல்பக்கத்தோட இப்ப அவங்க கிச்சன்ல வெங்காயக் கூடையா கிடக்கு.