குட்டி இசையை நீள வீடியோவுக்கு நீட்டும்போது எங்கே சறுக்குகிறோம்

நண்பரின் தச்சுப் பட்டறைக்காக ஒரு வீடியோ எடிட் செய்து கொடுத்தேன். ஒரு தேக்குப் பலகை ஊஞ்சலாக மாறும் கதை, மொத்தம் 2 நிமிடம் 38 விநாடி. கையில் இருந்த இசையோ 74 விநாடிதான். கிட்டார், ஷேக்கர், நடுவில் ஒரு இடத்தில் அழகான புல்லாங்குழல். இந்த ஒரு வேலையிலேயே நான் எல்லாத் தவறுகளையும் வரிசையாகச் செய்து, ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அதனால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இசையை டைம்லைனில் போட்டேன், முடிந்த இடத்தில் இன்னொரு முறை போட்டேன், மறுபடியும் போட்டேன், வீடியோ முடியும் இடத்தில் ஃபேட் அவுட் கொடுத்தேன். கேட்டுப் பார்த்தால் இரண்டு இடத்தில் அடி வாங்கியது. 70-வது விநாடி வாக்கில் இசை நிறைவாக முடிந்து, கடைசி ஒலி அடங்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அந்த நேரத்தில் திரையில் பலகையைப் பாதிதான் இழைத்திருப்பார், ஆனால் பார்ப்பவருக்கு வீடியோ முடிந்துவிட்டது போலத் தோன்றும். கடைசியில் இன்னும் மோசம். இரண்டு தடவை ஓடினால் 148 விநாடி, மீதி இருக்கும் 10 விநாடியில் மூன்றாவது தடவையின் ஆரம்பம் வருகிறது, அதைத்தான் ஃபேட் செய்திருக்கிறேன். ஊஞ்சல் ஆடி முடியும் நேரத்தில் பாட்டு அப்போதுதான் தொடங்குகிறது!

இங்கேதான் முதல் தவறு இருக்கிறது: இசையை இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டே போய், முடிவு எங்கே விழுகிறதோ அங்கே விழட்டும் என்று விடுவது. ஒரு இசைக்கு ஏற்கெனவே அழகான முடிவு இருக்கும்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபேட் வைப்பது பெரிய இழப்பு. முடிவைத்தான் முதலில் வைக்க வேண்டும். இசையின் கடைசி அடி வீடியோவில் எந்த நொடியில் விழ வேண்டும் என்று தீர்மானித்து, அங்கே அதை ஆணி அடித்த மாதிரி வைத்துவிட்டு, பின்னோக்கி வர வேண்டும். எனக்கு அது 152-வது விநாடி, ஊஞ்சல் முதல் வீச்சு வீசும் இடம். கடைசி அடிக்கு 4 விநாடி ரீங்காரம் இருந்தது, அது 156-ல் அடங்கும், அப்புறம் இரண்டு விநாடி கறுப்புத் திரை.

சரி, பின்னோக்கி வர இசையின் எலும்புக்கூடு தெரிய வேண்டும். இந்த இசையின் வேகம் நிமிடத்துக்கு 96 பீட். வேகம் எழுதியில்லை என்றால் விரலால் தட்டிக்கொண்டே அரை நிமிடத்தில் எத்தனை பீட் வருகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். 96 என்றால் ஒரு பீட்டுக்கு 0.625 விநாடி, நாலு பீட் கொண்ட ஒரு சுற்றுக்கு 2.5 விநாடி. இசைக்காரர்கள் இதை பார் என்பார்கள், நான் சுற்று என்றே எழுதுகிறேன். தாளம் தெரிந்தவர்கள் ஆவர்த்தனம் என்று நினைத்துக்கொள்ளலாம், வெட்டு சுற்றின் முதல் அடியான சமத்தில் விழ வேண்டும் என்பதும் அவர்களுக்கு உடனே புரியும். கேட்டுப் பிரித்ததில் தொடக்கம் 4 சுற்று, முதல் பகுதி 8 சுற்று, புல்லாங்குழல் வரும் இரண்டாம் பகுதி 8 சுற்று, முடிவுக்கு இட்டுச்செல்லும் பகுதி 8 சுற்று. மொத்தம் 28 சுற்று, 70 விநாடி, அதன் மேல் கடைசி அடியும் ரீங்காரமும்.

இரண்டாவது தவறு, காது ஞாபகம் வைத்துக்கொள்ளும் இடத்தைத் திரும்பப் போடுவது. கிட்டார் தட்டிக்கொண்டே போவது நாலு தடவை வந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்தப் புல்லாங்குழல் இரண்டாவது தடவை அப்படியே வந்தால், ஒரே மூச்சு, ஒரே கமகம், உடனே தெரிந்துவிடும். பாடகரின் குரல், ஒரு தனி மணியோசை, டிரம்ஸின் உருட்டல் எல்லாம் இதே வகை. இவை ஒரே ஒரு தடவைதான் வர வேண்டும். என் இசையில் புல்லாங்குழல் இரண்டாம் பகுதியின் பின்பாதியில்தான் இருந்தது, அதனால் முன்பாதியை மட்டும் இரண்டு தடவை பயன்படுத்த முடிந்தது.

மூன்றாவது தவறுதான் பலரை வீணாகக் கஷ்டப்படுத்துகிறது: வீடியோ முழுக்க இசை ஓடியே ஆக வேண்டும் என்று நினைப்பது. 158 விநாடிக்கு இசை போட்டாக வேண்டும் என்றால் ஒட்டுகள் அதிகம், திரும்பல் அதிகம். நடுவில் இசை நின்றால் அந்தக் கணக்கே மாறிவிடும். இழைப்புளி ஓடும் சத்தம், உளியில் கொட்டாப்புளி விழும் சத்தம், இவற்றைத் தனியாகக் கேட்கும்போது பட்டறைக்குள்ளேயே நிற்பது போல இருக்கிறது. இடைவெளிக்குப் பிறகு வரும் இசை முந்தையதன் தாளத்தோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை, அதை முடிவிலிருந்து எண்ணி எங்கே வேண்டுமோ அங்கே வைக்கலாம்.

கடைசியில் நான் வைத்த அமைப்பு இதுதான். முதல் இரண்டு விநாடி பட்டறைச் சத்தம் மட்டும். பிறகு தொடக்கம், முதல் பகுதி, மறுபடி முதல் பகுதி, இரண்டாம் பகுதியின் முன்பாதி. இது 24 சுற்று, 60 விநாடி, 62-ல் முடிகிறது. அங்கே இசையின் கடைசி அடியையே நகலெடுத்து வைத்தேன், 66-க்குள் அது அடங்கிவிடும். 92 வரை உளியும் இழைப்புளியும். 92-ல் முதல் பகுதி, இரண்டாம் பகுதி முழுசாக, முடிவுப் பகுதி. மூன்றும் அசல் இசையில் அடுத்தடுத்து இருப்பவை, வெட்டே இல்லாத 60 விநாடி, நேராக 152-ல் கடைசி அடி. ஆக மொத்த வீடியோவிலும் ஒட்டு இரண்டே இடத்தில்தான்: முதல் பகுதி திரும்பும் 32-வது விநாடியிலும், கடைசி அடியைக் கடன் வாங்கிய 62-வது விநாடியிலும். கடன் அடி எல்லா இடத்திலும் பொருந்தாது. அதற்கு முன்னால் இருக்கும் சுற்று வீடு திரும்பக் காத்திருக்கும் சுரத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அபஸ்வரமாக விழும். கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த 32-வது விநாடி ஒட்டு என்னை ஒரு மாலை முழுக்க உட்கார வைத்தது. முதலில் ஒரு தடுக்கல் கேட்டது, நடப்பவர் கால் இடறின மாதிரி. காரணம் நான் ஒரு ஃபிரேம் தள்ளி வெட்டியது. வீடியோ எடிட்டர் ஃபிரேமுக்கு ஃபிரேம்தான் வெட்டும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. என் சுற்று 2.5 விநாடி, அதாவது 62.5 ஃபிரேம், ஒற்றைப்படைச் சுற்றின் முடிவில் வெட்ட வேண்டி வந்தால் அது அரை ஃபிரேமில் விழும், அங்கே வெட்டவே முடியாதே! 20 மில்லி விநாடி பிசகினாலே தாளம் தள்ளாடுவதைக் காது கண்டுபிடித்துவிடும். இசையை ஆடாசிட்டி போன்ற ஆடியோ மென்பொருளில் தனியாக வெட்டி ஒட்டி, ஒரே கோப்பாக வீடியோவுக்குக் கொண்டுவருவதுதான் நிம்மதி. பிரீமியர் பயன்படுத்துகிறவர்கள் டைம்லைன் மெனுவில் Show Audio Time Units என்பதை இயக்கினால் ஃபிரேமுக்கு நடுவிலும் வெட்டலாம். வேலை செய்யும்போது எம்பி3-யை நேரடியாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம், அந்த வகைக் கோப்பின் இரண்டு முனையிலும் சின்ன மௌனம் ஒட்டிக்கொண்டு வரும். வேவ் கோப்பாக மாற்றி, அந்த மௌனத்தை நறுக்கிவிடுங்கள்.

தடுக்கலை மறைக்க நான் அடுத்து செய்ததும் தவறுதான்: ஒரு விநாடி நீளத்துக்கு கிராஸ்ஃபேட். பீட் சரியாக ஒன்றன்மேல் ஒன்று உட்காராத இடத்தில் நீளமான கிராஸ்ஃபேட் போட்டால் இரண்டு இசையும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒவ்வொரு அடியும் இரட்டை இரட்டையாகக் கேட்கும், வியாதியை மூடி வைப்பது போல. பீட் இருக்கிற இசையில் அடிக்குச் சற்று முன்னால் வெட்டி, 10 முதல் 20 மில்லி விநாடிக்குள் கிராஸ்ஃபேட் வைத்தால் போதும். அது வெட்டில் வரும் 'டிக்' சத்தத்தை நீக்க மட்டும்தான், மீதி வேலையை அடுத்து விழும் அடியே செய்துவிடும். நீளமான கிராஸ்ஃபேட் நல்லது செய்வது பீட் இல்லாத, மிதந்துகொண்டே இருக்கும் இசையில். அங்கே மூன்று நாலு விநாடி கூடத் தரலாம், ஆனால் கிராஸ்ஃபேட் வகையைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு இசை இருக்கும்போது Constant Gain போட்டால் நடுவில் ஒலி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும், Constant Power தான் சரி.

தாளம் சரியான பிறகும் ஏதோ இடித்தது. நாலைந்து தடவை கேட்ட பிறகுதான் புரிந்தது, முதல் பகுதியின் கடைசி கிட்டார் சுரம் அசலில் அடுத்த சுற்றுக்குள்ளும் கொஞ்சம் ரீங்கரிக்கிறது, என் வெட்டு அந்த வாலை நறுக்கிவிட்டது. இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை, 'எங்கேயோ வெட்டியிருக்கிறார்கள்' என்ற உணர்வு மட்டும் மிஞ்சும். கடைசி பீட்டை மட்டும் நகலெடுத்து இன்னொரு டிராக்கில் வைத்து, ஒன்றரை விநாடியில் அடங்கும் ரிவெர்பை அதற்குக் கொடுத்து, ரிவெர்ப் ஒலி மட்டும் வரும்படி விட்டு, மெல்லியதாக வைத்தேன். வெட்டைத் தாண்டியும் சுரம் கரைந்து போவது போலக் கேட்டது. கூடவே ஒரு கொட்டாப்புளி அடி சரியாக அதே நொடியில் விழும்படி படத்தைக் கொஞ்சம் நகர்த்தினேன். பலத்த சத்தம் ஒன்று மேலே விழும்போது அடியில் இருக்கும் ஒட்டு காதுக்கு எட்டாது.

இசையை மெதுவாக்கி நீட்டலாமா என்று கேட்கிறார்கள். 74 விநாடியை 158 ஆக்க வேண்டுமென்றால் இரு மடங்குக்கும் மேல், கிட்டார் தண்ணீருக்குள் ஒலிப்பது போல ஆகிவிடும். ஆனால் இரண்டு சதவீதம் வரை யாருக்கும் தெரியாது. 60 விநாடியில் ஒரு விநாடி மட்டும் இடிக்கிறது என்றால், சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றிச் சரிசெய்வதில் தப்பே இல்லை.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன கணக்கெல்லாம் மெட்ரோனோம் வைத்துப் பதிவு செய்த இசைக்குத்தான். மிருதங்கத்தோடு சேர்ந்து நேரடியாக வாசித்துப் பதிவு செய்ததில் வேகம் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும், 2.5 விநாடிக்கு ஒரு முறை என்று எண்ணினால் பத்தாவது சுற்றிலேயே தவறிவிடும். அங்கே அலைவடிவத்தில் ஒவ்வொரு சமத்தையும் காதால் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், வேகம் ஒத்துப்போகிற இரண்டு இடங்களைத்தான் ஒட்ட வேண்டும்.

முடித்ததும் சோதிப்பதற்கு டைம்லைனைப் பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள். வெட்டுக் கோடு கண்ணில் பட்டால் காதும் அங்கே போய் நிற்கும், இல்லாத தடுக்கலும் கேட்கும், இருக்கிற தடுக்கல் பழகியும் போகும். கோப்பாக எடுத்து, மறுநாள் காலை கண்ணை மூடிக்கொண்டு ஹெட்ஃபோனில் ஒரு முறை, போனின் ஸ்பீக்கரில் ஒரு முறை கேளுங்கள். வீடியோவை அறியாத ஒருவரிடம் போட்டுக் காட்டி, 'பாட்டு எங்கேயாவது திரும்ப வந்ததா?' என்று கேளுங்கள். நண்பரின் அம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்னது: "நடுவுல பாட்டு நின்னு உளி சத்தம் வந்துதே, அது நல்லாருந்துச்சு." 32-வது விநாடியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.