கண் எரிச்சலுக்குக் கடையில் வாங்கும் சொட்டு மருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண் பரிசோதனை அறையில் வேலை பார்ப்பதால், புகையாலும் தூசியாலும் கண் சிவந்து வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்கள், புதிதாகக் கடை போட்டவர்கள், வண்டி ஓட்டும் வேலைக்கு இப்போதுதான் சேர்ந்தவர்கள் என்று ஆள் மாறினாலும் செய்யும் தவறு மாறுவதில்லை. அழுக்குக் கையால் கண்ணைத் தொடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தைத் தொடர்ந்து விடுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான்.

வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மா வந்திருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண்ணாடி வேண்டும் என்பதுதான் அவருடைய குறை. வழக்கம்போலக் கண் அழுத்தம் பார்த்தேன். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது, வலது கண்ணில் 36, இடது கண்ணில் 34 இருந்தது. வலியில்லை, சிவப்பில்லை. "கண்ணுக்கு ஏதாவது மருந்து விடுறீங்களாம்மா?" என்று கேட்டேன். சுருக்குப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டினார். விரல் பட்டுப் பட்டு லேபிள் பாதி தேய்ந்திருந்தது. மீதியில் டெக்சாமெத்தசோன் என்ற பெயர் மட்டும் தெரிந்தது.

காலையில் விறகடுப்புப் புகை, மிளகாய் வறுக்கும் நெடி, மத்தியானம் ரோட்டுத் தூசி. கண் எரிகிறது என்று மருந்துக் கடையில் கேட்டதும் கொடுத்திருக்கிறார்கள். விட்ட மறுநாளே சிவப்பு போய்விட்டது. ஆனால் புகை போகவில்லையே? இரண்டு நாளில் மறுபடி எரிச்சல், மறுபடி சொட்டு. பாட்டில் தீர்ந்தால் அதே பெயரைச் சொல்லி இன்னொன்று. இப்படி ஐந்தாறு மாதம் ஓடியிருக்கிறது.

டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. கிருமிக்கொல்லி மருந்தோடு சேர்த்து ஒரே பாட்டிலில் வரும். அழற்சியை வேகமாக அடக்குவதால் நல்ல மருந்து போலத் தோன்றும். கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது வடிவதற்குச் சல்லடை போன்ற ஒரு வழியும் உண்டு. ஸ்டீராய்டு தொடர்ந்து போனால் சிலருக்கு அந்த வழியில் நீர் வடிவது குறைந்துவிடும். உள்ளே அழுத்தம் ஏறும், அது பார்வை நரம்பை நசுக்கும். பெரும்பாலும் சில வாரங்களிலேயே ஏற ஆரம்பித்துவிடும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. நூறு பேரில் நான்கைந்து பேருக்கு மிக அதிகமாக ஏறும். அந்த நான்கைந்து பேர் யார் என்று அளந்து பார்க்காமல் சொல்லவே முடியாது. முதலில் ஓரப் பார்வைதான் போகும் என்பதால் பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது.

அந்த அம்மாவுக்கு மருந்தை நிறுத்தி, அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு கொடுத்தார் டாக்டர். சில வாரங்களில் 16க்கு இறங்கிவிட்டது. ஆனால் வலது கண்ணில் போன ஓரப் பார்வை போனதுதான், நரம்பு திரும்ப வளராது. அவருடைய பத்து வயதுப் பையனுக்கும் ஸ்கூல் விட்டு வந்து கண் அரித்தால் அதே பாட்டிலிலிருந்துதான் விட்டிருக்கிறார்கள். அவனையும் அழைத்து வரச் சொன்னோம். அழுத்தம் 28. சிறு பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டால் அழுத்தம் இன்னும் சீக்கிரம் ஏறலாம். நல்ல வேளை, நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மருந்தை நிறுத்தியதும் இறங்கியது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வண்டியில் போகும்போது கண்ணில் விழுந்தது வெறும் தூசியாக இல்லாமல் வைக்கோல் துணுக்காகவோ இலைச் சருகாகவோ இருந்து, கருவிழியில் கீறல் போட்டிருந்தால் பூஞ்சைத் தொற்று வரலாம். அதன் மேல் ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு அடங்கும், பூஞ்சையோ உள்ளே வேகமாகப் பரவும்.

அதனால் வீட்டில் இருக்கும் கண் சொட்டு பாட்டில்களை இன்றே எடுத்து லேபிளைப் படியுங்கள். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃபுளூரோமெத்தோலோன், லோட்டிபிரெட்னால் என்று எது இருந்தாலும் ஸ்டீராய்டுதான். யாருக்கோ எப்போதோ எழுதிக் கொடுத்ததன் மிச்சம் என்றால் தூக்கிப் போடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகோ வேறு நோய்க்கோ டாக்டர் இப்போது விடச் சொல்லியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அவர் சொன்ன நாட்களில் அழுத்தம் பார்த்துக்கொண்டே விட வேண்டிய மருந்து அது.

கண்ணைக் கசக்குவது

வேண்டாம். பிள்ளைகளையும் கசக்க விடாதீர்கள், வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழியே மெலிந்து கூம்பிப் போகலாம்.

பன்னீர், தாய்ப்பால், விளக்கெண்ணெய்

எதையும் கண்ணில் ஊற்ற வேண்டாம்.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைப்பது

காற்று வரட்டும் என்று ஃபேனை ஒட்டிய ஜன்னலையே திறக்கிறார்கள். அப்போது ஃபேன் அந்த ஜன்னல் காற்றைத்தான் இழுத்து வெளியே தள்ளும், அடுப்புப் புகை அங்கேயே சுற்றும். அதை மூடிவிட்டு எதிர்ப்பக்கக் கதவையோ ஜன்னலையோ திறந்தால் காற்று அடுப்பைத் தாண்டி வந்து புகையையும் சேர்த்துக்கொண்டு போகும். எண்ணெய் காய்வதற்கு முன்பே ஃபேனைப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். இட்லிக் கடை அம்மா இதைச் செய்ததோடு, மிளகாய் வறுப்பதைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டார். எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்றார்.

மிளகாய் தொட்ட கையில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காரம் வெறும் தண்ணீரில் சரியாகப் போகாது.

ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுவது

இறக்குங்கள். கீறல் விழுந்து மங்கியிருந்தால் புதிது மாற்றுங்கள். குழந்தையை வண்டியின் முன்பக்கம் நிற்க வைத்துக்கொண்டு போனால் எதிர்க்காற்றுத் தூசி முழுவதும் அதன் முகத்தில்தான் அடிக்கும்.

எரியும்போது என்னதான் செய்வது?

புகையை விட்டு வெளியே வாருங்கள். கையைக் கழுவிவிட்டு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரால் கண்ணை நன்றாக அலசுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். மேல் இமைக்குள் தூசி உறுத்தினால், இமை முடியைப் பிடித்து மெல்ல முன்னால் இழுத்துக் கீழ் இமையின் மேல் ஒரு தரம் மூடி விடுங்கள், பல நேரம் வந்துவிடும். சொட்டு வேண்டும் என்றால் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் மட்டும் உள்ள, கண்ணீர் போன்ற மருந்து போதும். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பிரசர்வேட்டிவ் இல்லாததாகக் கேளுங்கள். திறந்து ஒரு மாதம் ஆன பாட்டிலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

புகையாலும் தூசியாலும் வரும் எரிச்சல் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் இருக்கும், விலகி வந்தால் சில மணி நேரத்தில் தணியும். ஒரு கண் மட்டும் சிவந்திருந்தாலோ, வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவது, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி என்று ஏதாவது இருந்தாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். அதுவரை வீட்டில் என்ன சொட்டு விட்டீர்களோ, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.