தண்ணீர் சரியாக வரவில்லை என்று நகராட்சிக்கு எழுதும்போது

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் முதலில் எழுதிய மனுவில் இப்படி ஒரு வரி இருந்தது: "கடந்த சில மாதங்களாகக் குடிநீர் சரிவர வருவதில்லை, அழுத்தமும் குறைவு." பதிலே வரவில்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு பொறியாளர் எங்கே போய் எதைப் பார்ப்பார்?

பெரிய தவறு, இரண்டு குறைகளை ஒன்றாகக் கட்டியதுதான். நேரம் தவறுவது நீரேற்றத்தையும் வால்வு திறப்பவரின் வேலை முறையையும் சார்ந்தது. அழுத்தம் குறைவது குழாய், கசிவு, பாதி திறந்த வால்வு, வீடுகளில் வைக்கும் மோட்டார் ஆகியவற்றைச் சார்ந்தது. இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுத வேண்டும்.

நேரத்துக்கு நாட்குறிப்பு போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை 6 முதல் 7.30 வரை என்பது எங்கள் முறை. 14 நாட்கள் குறித்தோம். 7 முறையில் சரியான நேரத்துக்கு வந்தது 2 முறை. 8 மணிக்குப் பிறகு 3 முறை. இரவு 11 மணிக்கு ஒரு முறை. ஒரு முறை வரவே இல்லை. "ஒழுங்கில்லை" என்ற சொல்லுக்குப் பதில் இந்தக் கணக்கை எழுதினோம்.

அழுத்தத்துக்கு 15 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் அளந்தால் பயனில்லை. அது உங்கள் தொட்டியின் அழுத்தம். நகராட்சி இணைப்பு வீட்டுக்குள் நுழையும் தரைமட்டக் குழாயில் அளக்க வேண்டும். தெருமுனை வீட்டில் வாளி ஒன்றேகால் நிமிடத்தில் நிறைந்தது. கடைசி வீட்டில் 5 நிமிடம் ஆனது, அதாவது நிமிடத்துக்கு 3 லிட்டர். ஒன்றரை மணி நேரம் முழுதாக வந்தாலும் 270 லிட்டர்தான். பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்கிறது மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு. அப்படிப் பார்த்தால் நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு நாளுக்கு 1,080 லிட்டர் வேண்டும்.

மறைக்கக் கூடாத ஒன்று மோட்டார். இணைப்பிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சும் வீடு எங்கள் சங்கத்திலும் இருந்தது. அதைப் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிட்டால், ஆய்வுக்கு வருபவர் முதலில் அதைத்தான் காட்டுவார். மனு அங்கேயே முடிந்துவிடும். எல்லோரும் பேசி மோட்டார்களை நிறுத்திய நாளில் மறுபடி அளந்தோம். கடைசி வீட்டில் 4 நிமிடம். கொஞ்சம் தேறியது, குறை தீரவில்லை. எனவே தெருவுக்குள்ளேயே கசிவோ அடைப்போ இருக்கலாம் என்று துணிந்து எழுத முடிந்தது. முனையிலும் கடைசியிலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால், தெருவுக்கு வரும் வால்வையோ மேல்நிலைத் தொட்டியையோ பார்க்கச் சொல்லியிருப்போம்.

"தக்க நடவடிக்கை எடுக்குமாறு" என்று முடிக்காதீர்கள். தண்ணீர் விடும் நேரத்தில் கடைசி வீட்டுக்கு வந்து பார்க்கும்படியும், வால்வு திறக்கும் நேரத்தை எழுத்தில் தரும்படியும் கேளுங்கள். ஆணையர் பெயருக்கு எழுதி, நகலை நகராட்சிப் பொறியாளருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கொடுத்து, சங்கப் பிரதியில் தேதியுடன் அலுவலக முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.