சிங்கப்பூரில் கடன் வாங்குமுன்: 4 சதவீதம் என்பார்கள், நம்பாதீர்கள்

தனிநபர் கடனுக்கு விண்ணப்பித்தால் வேலை அனுமதி அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு போன்றவற்றைக் கேட்பார்கள். கடன் கிடைத்துவிட்டால் பணம் சீக்கிரம் வந்துவிடும். கவனம் வேண்டியது வட்டியில்தான்.

வீட்டு முன்பணத்துக்காக என் நண்பர் 10,000 வெள்ளி கடன் தேடினார். ஓரிடத்தில் EIR, அதாவது உண்மையான வட்டி விகிதம், ஆண்டுக்கு 7 சதவீதம் என்றார்கள், கட்டணம் கிடையாது. இன்னோரிடத்தில் பிளாட் ரேட் 4 சதவீதம், 200 வெள்ளி கட்டணம். இரண்டாவதைத்தான் எடுத்தார். நம்மில் பலரும் அதையே செய்வோம், ஏனென்றால் நமக்குப் பழகியது ஊர் வட்டிக் கணக்கு. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டுவோம். அசல் கடைசிவரை நம் கையில் இருக்கும். அங்கே சொன்ன வட்டிதான் உண்மையான வட்டி.

தவணைக் கடனில் அப்படியில்லை. மாதந்தோறும் அசலும் குறைந்துகொண்டே வருகிறது, பிளாட் ரேட்டோ திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்து வட்டி போடுகிறது. நண்பரின் கணக்கைப் பாருங்கள். 10,000 வெள்ளிக்கு 4 சதவீதம் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு வட்டி 1,200. மொத்தம் 11,200 வெள்ளியை 36 மாதங்களுக்குப் பிரித்தால் தவணை 311.11. ஆனால் அவர் கையில் சராசரியாக இருந்த கடன் ஏறத்தாழ பாதிதான். அதனால் உண்மையான ஆண்டு வட்டி சுமார் 7.8 சதவீதம். கட்டணத்தை முதலிலேயே கழித்துக்கொண்டு 9,800 வெள்ளிதான் கொடுத்தார்கள்; அதையும் சேர்த்தால் 9.25 சதவீதத்தைத் தொடுகிறது.

அவர் ஒதுக்கிய 7 சதவீதக் கடனில் தவணை 307.79 வெள்ளிதான், மொத்த வட்டி சுமார் 1,080. எடுத்த கடனின் செலவோ கட்டணத்தோடு 1,400. தொலைபேசியில் "நாலு சதவீதம்தான் சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்ன முகவர் EIR பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மிச்சத்தில் வாழ்கிற ஒருவரிடம் இப்படி நடந்துகொள்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, அருகில் EIR என்று இருப்பதைத் தேடுங்கள். கட்டணமும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எக்செலில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
=(1+RATE(36,-311.11,9800))^12-1
```

முதல் எண் மாதங்கள், அடுத்தது தவணை, மூன்றாவது கையில் உண்மையாக வந்த பணம். கடன் தொகையை அல்ல, கையில் வந்ததைத்தான் போட வேண்டும். இரண்டு கடன்களை ஒப்பிடும்போது ஒரே காலஅளவில் ஒப்பிடுங்கள். முன்கூட்டியே அடைக்கும் எண்ணம் இருந்தால், மீதி வட்டியில் எவ்வளவு தள்ளுபடி, அபராதம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.