ஃபோட்டோகிராஃப், ஃபோட்டோகிராஃபி: ஆங்கில அழுத்தத்தை வாலிலிருந்து பிடிப்பது எப்படி

ஓர் இணையச் சந்திப்பில் 'ஃபோட்டோகிராஃபி' என்ற சொல்லை மூன்று முறை சொன்னேன். எதிரில் இருந்தவருக்கு மூன்று முறையும் புரியவில்லை. கடைசியில் எழுத்து எழுத்தாகச் சொன்ன பிறகுதான் "ஓ!" என்றார். அன்று இரவு அகராதியைத் திறந்து அந்தச் சொல்லை அவர்கள் சொல்வதைக் கேட்டேன். ஒலிகளில் நான் பெரிதாகத் தப்புச் செய்யவில்லை. அழுத்தத்தைத்தான் தவறான இடத்தில் வைத்திருந்தேன். 'ஃபோட்டோகிராஃப்' எனக்கு நன்றாகத் தெரியும். அதன் பின்னால் ஒரு 'இ' சேர்த்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

அதைச் சரிசெய்ய எனக்கு உதவிய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். அசை என்றால் என்ன என்பது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில் காட்டியிருக்கிறேன்.

படி 1: மேல் கோட்டைத் தேடுங்கள்

அகராதியில் இந்தக் குடும்பம் இப்படி இருக்கும்:

```
photograph     ˈfəʊtəɡrɑːf
photography    fəˈtɒɡrəfi
photographic   ˌfəʊtəˈɡræfɪk
```

மேலே நிற்கும் சிறு கோடுதான் முக்கிய அழுத்தம். அதற்கு அடுத்து வரும் அசையை அழுத்த வேண்டும். கீழே தொங்கும் கோடு துணை அழுத்தம்; ஆரம்பத்தில் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆக, **ஃபோ**-ட-கிராஃப், ஃப-**டா**-கிர-ஃபி, ஃபோ-ட-**கிரா**-ஃபிக். மேலே கொடுத்திருப்பது பிரிட்டிஷ் உச்சரிப்பு. அமெரிக்கர்கள் சொல்லும்போது உயிரொலிகள் கொஞ்சம் மாறும், அழுத்தம் அதே இடத்தில்தான் இருக்கும்.

சில பழைய அச்சு அகராதிகள் இந்தக் குறியை அசைக்குப் பின்னால் போடும். நான் ஒரு வாரம் அப்படி ஓர் அகராதியை வைத்துக்கொண்டு எல்லாச் சொல்லையும் ஓர் அசை தள்ளிப் படித்தேன். அதனால் என் சிபாரிசு கேம்பிரிட்ஜ் இணைய அகராதி. பிரிட்டிஷ், அமெரிக்க ஒலிப்பதிவு இரண்டும் இருக்கும், அசைகளுக்கு நடுவே புள்ளியும் வைத்திருப்பார்கள்.

படி 2: பின்னாலிருந்து பாருங்கள்

வேர்ச்சொல்லின் அழுத்தத்தை மனப்பாடம் செய்துவிட்டு விகுதியை ஒட்டினால் தோற்றுப்போவீர்கள். இந்த வகைச் சொற்களில் அழுத்தம் எங்கே என்பதைச் சொல்வது வால்தான். எனவே சொல்லின் முடிவிலிருந்து தொடங்குங்கள்.

'இக்' என்று முடிந்தால் அழுத்தம் அதற்குச் சரியாக முந்தைய அசையில். **சய**-ன்ஸ் என்பது சயன்-**டி**-ஃபிக் ஆகிறது. இ-**கா**-ன-மி என்பது எக-**நா**-மிக் ஆகிறது. 'இட்டி' என்று முடிந்தாலும் அதே கதை: இ-**லெக்**-ட்ரிக், இலெக்-**ட்ரி**-சிட்டி. 'ஷன்', 'இக்கல்', 'ஷியன்' எல்லாம் இதே கட்சி. இலெக்-**ட்ரி**-ஷியன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் 'ஃபோட்டோகிராஃபி'? இதில் வால் வெறும் 'இ' என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். 'கிராஃபி' முழுவதையும் ஒரே வாலாக எடுங்கள். அதற்கு முந்தைய அசை 'டா'. சரியாக வந்துவிட்டது. 'லஜி', 'கிரசி', 'மெட்ரி', 'நமி' ஆகியவையும் இப்படி முழு வால்கள்தான்: ப-**யா**-லஜி, டி-**மா**-கிரசி, ஜி-**யா**-மெட்ரி, அஸ்-**ட்ரா**-நமி. விதி ஒன்றே ஒன்றுதான், வாலுக்கு முந்தைய அசை. வால் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதில்தான் சூட்சுமம்.

படி 3: மற்ற அசைகளை அமுக்குங்கள் (நான் சறுக்கிய இடம்)

விதி புரிந்த பிறகும் ஒரு மாதம் எனக்கு ஒன்றும் முன்னேற்றம் இல்லை. 'டா'வை உரக்கச் சொன்னேன். ஆனால் முன்னால் இருக்கும் 'ஃபோ'வையும் அதே பழைய 'ஃபோ'வாக, முழுதாகச் சொன்னேன். ஃபோ-டா-கிரா-ஃபி. அதாவது அழுத்தத்தைக் கூட்டினேனே தவிர, எங்கேயும் குறைக்கவில்லை. கேட்பவருக்கு எல்லா அசையும் ஒரே உயரத்தில் நின்றன.

ஆங்கிலத்தில் அழுத்தம் நகர்ந்தால், விட்டுப்போன இடத்தில் உயிரொலியும் பெரும்பாலும் சுருங்கிவிடும். மேலே அகராதி வரிகளில் தலைகீழ் e போல ஒரு குறி இருக்கிறதே, ə, அதற்குப் பெயர் ஷ்வா. வாயைப் பாதி திறந்து, நாக்கைச் சும்மா போட்டு, அவசரமாகச் சொல்லும் 'அ'. இதைத் தமிழர்களுக்கு விளக்க நான் கண்டுபிடித்த வழி குற்றியலுகரம்தான். 'காது' என்று சொல்லும்போது கடைசி உகரத்தை எப்படி உதடு குவிக்காமல் அரை மாத்திரையில் விழுங்குகிறோம்? அந்த விழுங்கலைத்தான் 'ஃபோட்டோகிராஃபி'யின் முதல் அசைக்கும் செய்ய வேண்டும். 'ஃபோ' மறைந்து 'ஃப' ஆகும். அதுவும் முழு அகரம் அல்ல.

மூன்று சொற்களையும் மறுபடி பாருங்கள். முதல் அசையில் 'ஃபோ', 'ஃப', 'ஃபோ'. இரண்டாவதில் 'ட', 'டா', 'ட'. ஒன்று எழும்போது இன்னொன்று அமுங்குகிறது. எழுத்து மூன்றிலும் மாறவே இல்லை, அதனால்தான் கண்ணை நம்பிப் படிக்கிற நாம் ஏமாறுகிறோம்.

சரியாகச் சொல்கிறோமா என்று எப்படித் தெரியும்? ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை 'ட'வில் தொடங்கினால் ஒரு காற்றுவெடிப்பு வரும். இதைச் சோதிக்க 'ஃபோட்டோகிராஃபி' உதவாது, முதலில் வரும் 'ஃப'விலேயே காற்று வந்துவிடும். அதனால் அணுவைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்:

```
atom     ˈætəm
atomic   əˈtɒmɪk
```

உள்ளங்கையை வாய்க்கு மிக அருகில் பிடித்து இரண்டையும் சொல்லுங்கள். **ஆ**-டம் என்பதில் கையில் பெரிதாக ஒன்றும் படக்கூடாது. அமெரிக்கர்கள் வாயில் அந்த 'ட' நாக்கு தட்டி ஓடும் ஒலியாகவே ஆகிவிடும். அ-**டா**-மிக் என்பதில் 'டா' தொடங்கும்போது 'ப்பூ' என்று ஒரு காற்று கையில் மோத வேண்டும். மோதவில்லையென்றால் இன்னும் அழுத்தவில்லை. முதல் நாள் என் கை இரண்டு சொல்லுக்கும் ஒரே மாதிரி உலர்ந்தே இருந்தது.

கருவிகள் பற்றி ஒரு வார்த்தை. ஒலி அலையைப் படமாகக் காட்டும் பிராட் என்ற இலவச மென்பொருளைப் பலர் பரிந்துரைப்பார்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் ஆரம்பத்தில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் படம் பார்க்கத்தான் கற்றுக்கொள்வீர்கள். போனில் இருக்கும் ஒலிப்பதிவே போதும். அகராதியின் ஒலியை ஒரு முறை, உங்கள் குரலை ஒரு முறை, மாற்றி மாற்றிக் கேளுங்கள். வாக்கியத்துக்குள் கேட்க வேண்டுமானால் யூகிளிஷ் தளத்தில் சொல்லைத் தட்டினால் அது வரும் காணொளிகளைக் காட்டும்.

படி 4: நகர்த்தாத வால்களை முதலில் கழற்றுங்கள்

'நெஸ்', 'லெஸ்', 'ஃபுல்', 'லி', 'மென்ட்', 'இங்', 'அர்' போன்றவை அழுத்தத்தைத் தொடாது. இவற்றில் பல பழைய ஆங்கிலத்திலேயே இருந்தவை. 'இக்', 'இட்டி' போன்ற நகர்த்தும் கூட்டம் லத்தீன், கிரேக்க வழியில் வந்தது. ஆனால் இதை விதியாக நம்பிவிட வேண்டாம்: 'மென்ட்' பிரெஞ்சு வழியாக வந்தும் பெரும்பாலும் சாதுவாகத்தான் இருக்கிறது.

நீளமான சொல் வந்தால் வலது பக்கத்திலிருந்து இந்தச் சாது வால்களைக் கழற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் தட்டுப்படும் நகர்த்தும் வால்தான் முடிவு செய்யும். 'ஃபோட்டோகிராஃபிக்கலி' என்பதில் 'லி'யைக் கழற்றினால் 'இக்கல்' நிற்கிறது. அதற்கு முன்னால் 'கிரா'. அழுத்தம் அங்கே.

இப்போது ஒரு முழுக் குடும்பத்தைப் போட்டுப் பார்ப்போம். நடனம் அமைப்பதைக் குறிக்கும் சொற்கள், ஆங்கிலத்தில் choreo என்று தொடங்குபவை. 'கிராஃபி' வாலா? முந்தைய அசை 'ஆ': காரி-**ஆ**-கிரஃபி. 'இக்' வாலா? காரிய-**கிரா**-ஃபிக். வால் இல்லாத வினைச்சொல்லா? 'ஃபோட்டோகிராஃப்' போலவே முதல் அசை: **கா**-ரிய-கிராஃப். அகராதியைத் திறப்பதற்கு முன்பே மூன்றும் கிடைத்துவிட்டன.

பின்சேர்க்கை 1

ஒரு வாசகர் பின்னூட்டத்தில் மடக்கினார்: "'அர்' நகர்த்தாது என்கிறீர்கள். அப்படியானால் 'ஃபோட்டோகிராஃபர்' எப்படி ஃப-**டா**-கிர-ஃபர் ஆனது?" நியாயமான கேள்வி. 'ஃபோட்டோகிராஃப்' என்பதோடு 'அர்' சேர்ந்ததாகப் பார்த்தால் விதி உடைகிறது. 'கிராஃபர்' என்பதையும் 'கிராஃபி' போலவே ஒரு முழு வாலாகப் பாருங்கள், சரியாகிவிடும். ப-**யா**-லஜி, ப-**யா**-லஜிஸ்ட் ஜோடியும் அப்படியே: முன்னால் இருந்த அழுத்தம் அங்கேயே நிற்கிறது.

பின்சேர்க்கை 2

இன்னும் சிலர் விதிவிலக்குகளைக் கேட்டார்கள். 'இக்' கூட்டத்தில் அடங்காதவை சில உண்டு: **பா**-லிடிக்ஸ், **ஆ**-ரபிக், **லூ**-னடிக், **கா**-தலிக். ஆனால் 'பாலிடிக்ஸ்' என்பதை 'இக்கல்' ஆக்கினால் ப-**லி**-டிக்கல் என்று ஒழுங்காக விதிக்குள் வந்துவிடுகிறது. எண்கணிதத்தைக் குறிக்கும் 'அரித்மெடிக்' இன்னும் வேடிக்கை. பெயர்ச்சொல்லாக இருந்தால் அ-**ரித்**-மெடிக். பெயரடையாக இருந்தால் அரித்-**மெ**-டிக், விதிப்படியே.

'அக்யுரசி' என்பதில் 'கிரசி' வால் இருப்பதாக நினைத்து அ-**கியு**-ரசி என்று சொன்னதாக ஒருவர் எழுதியிருந்தார். அங்கே இருப்பது 'கிரசி' அல்ல. 'அக்யுரேட்' என்ற சொல்லின் கடைசி ஒலி 'சி'யாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அழுத்தம் முதல் அசையிலேயே நிற்கும்: **அக்**-யுரசி. ஆக, வாலைப் பிடிப்பதற்கு முன்னால், அது உண்மையிலேயே அந்த வால்தானா என்று ஆங்கில எழுத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். democracy என்பதில் cracy முழுதாக இருக்கிறது, accuracy என்பதில் இல்லை.